நிகழ்நேர உத்தி விளையாட்டில் தேர்வுப் பெட்டி, குழுக் கட்டளை, அணிவகுப்பு நகர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடமிருந்து வலமாக இழுத்தால் யூனிட்டுகள் தெரிவாகின்றன. வலமிருந்து இடமாக இழுத்தால் ஒன்றுகூடத் தெரிவாகவில்லையே, ஏன்?

முடிவுப் புள்ளியிலிருந்து தொடக்கப் புள்ளியைக் கழித்துப் பெட்டியின் அளவைப் பெறுகிறீர்கள். இடப்பக்கமாகவோ மேல்நோக்கியோ இழுக்கும்போது அந்த அளவு எதிர்க்குறி பெற்றுவிடுகிறது. கொடோ விளையாட்டு எஞ்சினில் எதிர்க்குறி அகலமுள்ள பெட்டிக்குள் எந்தப் புள்ளியும் அடங்காது. திரையில் பெட்டி சரியாக வரையப்பட்டாலும் சோதனை மட்டும் தோற்றுப்போகும். `abs()` என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே இது தீர்ந்துவிடும்.

```gdscript
func pick(a: Vector2, b: Vector2) -> Array:
    var box := Rect2(a, b - a).abs()
    var found := []
    for u in my_units:
        var p: Vector3 = u.global_position + Vector3.UP * 0.9
        if camera.is_position_behind(p):
            continue
        if box.has_point(camera.unproject_position(p)):
            found.append(u)
    return found
```

இதில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். `is_position_behind` இல்லாவிட்டால், கமராவுக்குப் பின்னால் நிற்கும் யூனிட்டும் திரையில் எங்கோ ஓரிடத்தில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தெரிவில் சேர்ந்துவிடுவார். அடுத்தது 0.9 மீற்றர் உயர்த்தும் வரி. யூனிட்டின் இருப்பிடம் பெரும்பாலும் அதன் பாதத்தில்தான் குறிக்கப்பட்டிருக்கும்; விளையாடுபவரோ உடலின் மேல்தான் பெட்டியை இழுப்பார். இடுப்பளவு உயரத்தைச் சோதித்தால், தலையையும் தோளையும் பெட்டிக்குள் கொண்டுவந்த பிறகும் ஆள் பிடிபடவில்லை என்ற முறைப்பாடு பெருமளவு குறையும்.

வெறுமனே கிளிக் செய்தாலும் பெட்டி தோன்றி, இருந்த தெரிவும் கலைந்துபோகிறது. என்ன செய்வது?

பொத்தானை அழுத்துவதற்கும் விடுவதற்கும் இடையில் கை சற்று அசையாமல் இருப்பதில்லை. ஆகவே மவுஸ் 6 பிக்சலுக்கு மேல் நகர்ந்த பின்னரே அதை இழுவையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் அது கிளிக். அந்தப் புள்ளியிலிருந்து கதிர் ஒன்றைச் செலுத்தி எந்த யூனிட்டில் படுகிறது என்று பாருங்கள். பிக்சல் அடர்த்தி கூடிய திரைகளில் இந்த எல்லையையும் சற்றுக் கூட்டவேண்டும்.

பெட்டிக்குள் ஆட்களும் கட்டடங்களும் சேர்ந்து விழுந்தால் எதைத் தெரிவு செய்ய வேண்டும்?

நகரக்கூடியது ஒன்றாவது இருந்தால் கட்டடங்களை விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் யாவும் கிளிநொச்சியில் நாங்கள் சிலர் சேர்ந்து செய்துவரும் சிறிய நிகழ்நேர உத்தி விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. காலபோக அறுவடை நெருங்கும்போது காட்டிலிருந்து வயலுக்குள் இறங்கும் யானைகளை இரவில் திருப்பி அனுப்புவதும், வெட்டிய நெல்லை வண்டிலில் பாதுகாப்பாக ஊருக்குள் சேர்ப்பதும்தான் அதன் விளையாட்டு. அங்கே காவல் கொட்டிலைச் சுற்றிப் பெட்டி இழுப்பவருக்கு வேண்டியது கொட்டிலடியில் நிற்கும் ஆட்களே. கொட்டில் வேண்டுமென்றால் அதன்மேல் நேரடியாகக் கிளிக் செய்வார். `Shift` அழுத்தியபடி இழுத்தால் பழைய தெரிவோடு சேர்க்கவேண்டும் என்பதும் விளையாடுபவர் யாவரும் எதிர்பார்க்கும் வழக்கம்.

ஒரே நேரத்தில் எத்தனை யூனிட்டுகளைத் தெரிவு செய்ய விடலாம்?

1992 இல் வந்த டியூன் 2 ஒரு நேரத்தில் ஒன்றையே தெரிவு செய்ய விட்டது. 1994 இன் முதலாவது வோர்கிராஃப்ட் நான்கையும், 1998 இன் ஸ்டார்கிராஃப்ட் பன்னிரண்டையும் அனுமதித்தன. இன்று எல்லை வைப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. வைத்தால் அது விளையாட்டின் கடினத்தைக் கூட்டுவதற்காக மட்டுமே இருக்கும். ஆட்களை ஒழுங்காக நிறுத்துவதில் அல்லாமல், பெட்டியைத் திரும்பத் திரும்ப இழுப்பதில் விளையாடுபவரின் நேரத்தைச் செலவிட வைக்கும் கடினம் எனக்கு உவப்பானதல்ல.

அணியை அனுப்பிவிட்டு வேறு ஆட்களைத் தெரிவு செய்தால், போய்க்கொண்டிருந்த அணி கலைந்துவிடுகிறது. ஏன் இப்படி நடக்கிறது?

தெரிவுப் பட்டியலையே அணியாகவும் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு இது தெளிவான அடையாளம். உண்மையில் இங்கே மூன்று தனித்தனிப் பட்டியல்கள் தேவை. முதலாவது, இப்போது பச்சை வட்டத்துடன் தெரியும் தெரிவு. இது அடுத்த கிளிக்கில் மாறக்கூடியது. இரண்டாவது, `Ctrl+1` போன்ற விசைகளால் விளையாடுபவர் எண்ணிட்டு வைக்கும் குழு. இது அவர் மாற்றும்வரை இருக்கும். மூன்றாவது, ஒரு கட்டளை பிறக்கும்போது உருவாகி, அது முடிந்ததும் மறையும் பயணக் குழு. கட்டளை கொடுத்த கணத்தில் தெரிவின் பிரதி ஒன்றை எடுத்து, அதற்கொரு கட்டளை எண் கொடுத்து, ஒவ்வொரு யூனிட்டிடமும் அந்த எண்ணை மட்டும் ஒப்படையுங்கள். பின்னர் அந்த யூனிட்டுக்குப் புதிய கட்டளை வந்தால் அது பழைய பயணக் குழுவிலிருந்து விலகும். மீதிப் பேர் தங்கள் வரிசையை நெருக்கிக்கொண்டு தொடர்வார்கள்.

எல்லாக் கட்டளைகளும் எல்லோருக்கும் உரியவையல்ல என்பதையும் இந்த இடத்திலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. எட்டுப் பேரைத் தெரிவு செய்து யானை வெடி போடச் சொன்னால், எட்டுப் பேரும் ஒரே இடத்தில் எட்டு வெடியையும் ஒரே விநாடியில் எறிந்து முடித்துவிடக்கூடாது. முதலாவது ஸ்டார்கிராஃப்டில் இப்படித்தான் நடந்தது: தெரிவான மந்திர யூனிட்டுகள் அனைத்தும் ஒரே இடத்தில் தங்கள் ஆற்றலை வீணாக்கின. இரண்டாவது பதிப்பில் ஒரு கட்டளைக்கு ஒருவர் மட்டும் செயற்படும்படி மாற்றினார்கள். நகர்தல், நிற்றல் போன்றவை எல்லோருக்கும் உரியவை. வெடி போடுதல், கதவு திறத்தல் போன்றவற்றுக்கு, அதைச் செய்யக்கூடியவர்களில் இலக்குக்கு மிக அருகில் உள்ள ஒருவர் போதும்.

எல்லோரும் கிளிக் செய்த ஒரே புள்ளிக்குப் போய் முட்டி மோதுகிறார்கள். அணிவகுப்பாக நிறுத்துவது எப்படி?

ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிற்குமிடம் கணித்துக் கொடுக்கவேண்டும். குழுவின் மையத்திலிருந்து இலக்கு நோக்கிய திசையை எடுத்து, அதற்குச் செங்குத்தான பக்கத் திசையையும் எடுத்துக்கொண்டால், வரிசையும் நிரலும் அவற்றிலிருந்து எளிதாகக் கிடைக்கும். தரைத் தளத்தின் இரு அச்சுகளை மட்டும் கொண்டு கணக்கிடும் வடிவம் இது:

```gdscript
var dir := (target - center).normalized()
var side := Vector2(-dir.y, dir.x)
var x := (col - (cols_in_row - 1) / 2.0) * gap
var slot := target + side * x - dir * (row * gap)
```

`cols_in_row` என்பது அந்தக் குறிப்பிட்ட வரிசையில் உள்ளவர்களின் தொகை. கடைசி வரிசையில் இரண்டு பேரே மிஞ்சினால், அவர்கள் ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில் நிற்பதற்கு அதுவே காரணம்.

இலக்கு மையத்துக்கு மிக அருகில் இருந்தால் திசையை நம்பமுடியாது. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் `normalized()` பூச்சியத்தைத் திருப்பித் தரும். அப்போது எல்லா நிற்குமிடங்களும் ஒரே புள்ளியில் குவிந்துவிடும். ஆகவே குறுகிய தூரத்துக்கான கட்டளையில் குழு ஏற்கெனவே நோக்கியிருந்த திசையையே வைத்திருங்கள்.

நிற்குமிடங்கள் சரியாக இருக்கின்றன. ஆனால் புறப்படும்போது ஆட்கள் ஒருவரையொருவர் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறார்களே?

பட்டியலில் உள்ள ஒழுங்கிலேயே இடங்களைப் பங்கிட்டிருப்பீர்கள். முதலில் எல்லோரையும் `dir` திசையில் யார் முன்னால் நிற்கிறார் என்ற அடிப்படையில் வரிசைப்படுத்தி, முன்னவர்களை முதல் வரிசைக்கும் அடுத்தவர்களை இரண்டாவது வரிசைக்கும் எனப் பிரியுங்கள். பின்னர் ஒவ்வொரு வரிசைக்குள்ளும் `side` திசையில் இடமிருந்து வலமாக ஒழுங்குபடுத்திப் பங்கிடுங்கள். மொத்த நடையை மிகக் குறைவாக்கும் கணித முறைகளும் உள்ளன. ஆனால் சில பத்துப் பேருக்கு இந்த இரட்டை ஒழுங்குபடுத்தலே போதும்.

வண்டில்கள் எப்போதும் பின்னால்தான் வரவேண்டும் என்பது போன்ற விதி இருந்தால், குறுக்கே வெட்டுவதை முழுவதும் தவிர்க்கமுடியாது. அணியை நேர் எதிர்ப்புறம் திருப்பும்போது வண்டில்கள் ஆட்களைக் கடந்தே ஆகவேண்டும். விதியை இறுக்கமாக வைத்திருப்பதா, திரும்பும் வேகத்தைக் காப்பதா என்பதை விளையாட்டைச் செய்பவரே தீர்மானிக்கவேண்டும்.

குளக்கட்டு போன்ற ஒடுங்கிய வழியில் போகும்போது ஓரத்தில் வருபவர்கள் மட்டும் எங்கோ சுற்றிக்கொண்டு போகிறார்கள். இதை எப்படித் தடுப்பது?

வன்னியைப் பின்னணியாக வைத்து வரைபடம் செய்பவர் எவரும் இந்தச் சிக்கலைத் தவிர்க்கமுடியாது. ஒருபுறம் நீர், மறுபுறம் பள்ளத்தில் வயல், நடுவே நெடிய கட்டு என்பதே இங்குள்ள நிலத்தின் அமைப்பு. எங்கள் வரைபடத்தில் உள்ள கட்டின் மேற்புறம் 5 மீற்றர் அகலமானது. எட்டு ஆட்களும் நான்கு மாட்டு வண்டில்களும் துருசடியிலிருந்து கட்டின் வழியே 90 மீற்றர் தூரம் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

ஆட்களுக்கு இடையே 2 மீற்றர் விட்டு நான்கு பேரை ஒரு வரிசையில் நிறுத்தினால், நிற்குமிடங்கள் மையத்திலிருந்து −3, −1, 1, 3 மீற்றரில் விழும். கட்டின் விளிம்போ மையத்திலிருந்து 2.5 மீற்றரில் முடிந்துவிடுகிறது. நீர்ப்பக்கம் விழுந்த −3 நடக்கமுடியாத இடம் என்பதால், பொதுவான செய்நிரல்கள் அதை அருகிலுள்ள நடக்கக்கூடிய புள்ளிக்கு, அதாவது கட்டின் விளிம்புக்கு நகர்த்தும். அங்கே அவர் பக்கத்தில் இருப்பவரோடு உரசிக்கொண்டு போவார். வயற்பக்கம் விழுந்த 3 அதைவிடத் தொல்லையானது. அது வயலுக்குள் விழுகிறது, வயலோ நடக்கக்கூடிய இடம். ஆகவே செய்நிரல் அதில் எந்தக் குறையும் காணாது. கட்டின் விளிம்பு செங்குத்தானது என்பதால், அங்கே போக ஒரே வழி கட்டின் கடைசியில் உள்ள இறக்கத்தால் சுற்றிப் போவதுதான். வழிதேடும் செய்நிரல் அந்தச் சுற்றுவழியைச் சரியாகவே கண்டுபிடித்துக் கொடுக்கும்; ஆள் அணியை விட்டுத் தனியே ஓடத் தொடங்குவார். யானை வயலில் நிற்கும் இரவில் விளையாடுபவர் இதை மன்னிக்கமாட்டார்.

இந்த நோயை இனங்காண்பது எளிது. நிற்குமிடங்களைச் சிறு புள்ளிகளாகத் தரையில் வரைந்துவிட்டு அணியைக் கட்டில் நடக்கவிடுங்கள். புள்ளி வயலில் தெரியும்போது ஒருவர் திரும்பி ஓடினால் காரணம் இதுவே. ஓர் இடம் நடக்கக்கூடியதா என்று பார்ப்பது போதாது என்பதே இங்குள்ள பாடம். பாதை வழியே நகரும் அணியின் நடுப்புள்ளியிலிருந்து அந்த நிற்குமிடத்துக்கு ஒரு நேர்கோடு வரைந்து, அந்தக் கோடு எங்கும் தடைப்படாமல் போகிறதா என்று சோதிக்கவேண்டும். தடைப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு நிரல்களின் தொகையைக் குறையுங்கள். தொகையைக் கணிக்கும் வரி இது:

```gdscript
var cols := maxi(1, floori((width - 2.0 * radius) / gap) + 1)
```

ஆளின் ஆரம் 0.5, இடைவெளி 2 என்றால், 5 மீற்றர் அகலத்தில் மூன்று நிரல் கிடைக்கும். நிற்குமிடங்கள் −2, 0, 2. ஓரத்தில் நிற்பவரின் உடல் மிகச் சரியாக 2.5 மீற்றரில் முடிகிறது. வண்டிலின் ஆரம் 1, இடைவெளி 3 என்றால் இரண்டு நிரல் மட்டுமே; அவை −1.5, 1.5 இல் நிற்கும். ஆகவே எட்டு ஆட்களும் 3, 3, 2 என மூன்று வரிசைகளாகவும், வண்டில்கள் இரண்டிரண்டாகவும் கட்டின் மேல் போவார்கள். முழு அணிக்கும் ஒரே நிரல் தொகையை வைத்தால், வண்டிலுக்காக ஆட்களும் இரண்டிரண்டாக நீளவேண்டியிருக்கும்; வரிசைக்கு வரிசை தனியாகக் கணக்கிடுவதன் பயன் இதுதான். வரிசைகளுக்கு இடையிலான தூரத்தையும் வண்டில் வரிசைகளில் கூட்டிக்கொள்ளுங்கள்.

அகலத்தை அளக்கும் முறையில் இன்னொரு பொறி உண்டு. ஏ ஸ்டார் போன்ற வழிதேடும் முறைகள் மிகக் குறுகிய வழியைத் தேடுவதால், வளைவுகளில் உட்புற விளிம்பை ஒட்டியே பாதையை வகுக்கும். பாதையின் புள்ளியிலிருந்து அருகிலுள்ள தடைக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் அளந்தால், அகன்ற கட்டும் ஒற்றையடிப் பாதையாகத் தோன்றும். ஆகவே அந்தப் புள்ளியிலிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே அளந்து, இரண்டையும் கூட்டி அகலமாக எடுத்துக்கொண்டு, அணியின் நடுப்புள்ளியை அந்த அகலத்தின் மையத்துக்குத் தள்ளுங்கள்.

ஒடுங்குவதையும் விரிவதையும் ஒரே விதியால் ஆளக்கூடாது. முன்னால் சில மீற்றர் தூரத்தை எட்டிப் பார்த்து, ஒடுக்கம் வருமுன்பே நிரலைக் குறைக்கவேண்டும். விரிவதற்கோ கடைசி வரிசையும் ஒடுக்கத்தைத் தாண்டும்வரை காத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் கட்டின் அகலம் சற்றே கூடிக் குறையும் இடங்களில் ஆட்கள் மூன்றாகவும் நான்காகவும் மாறி மாறி அலைவார்கள்.

வண்டில்கள் எப்போதும் பின்தங்கிவிடுகின்றன. மிக மெதுவானதன் வேகத்திலேயே எல்லோரையும் போகவைத்தும் சரிவரவில்லை.

ஆள் விநாடிக்கு 3 மீற்றரும் வண்டில் 1.8 மீற்றரும் போகும் என்றால், அவரவர் வேகத்தில் விட்டால் 90 மீற்றரை ஆட்கள் 30 விநாடியிலும் வண்டில்கள் 50 விநாடியிலும் கடக்கும். அதனால் எல்லோரையும் 1.8 க்குக் கட்டிப்போடுவது இயல்பான முதல் தீர்வு. ஆனால் அணியின் நடுப்புள்ளியும் அதே 1.8 இல் போனால், ஒரு கல்லில் தடுக்கி அரை மீற்றர் பின்தங்கிய வண்டில் அந்த அரை மீற்றரை ஒருநாளும் மீட்கமுடியாது. அதன் உச்ச வேகமே அதுதான்.

நடுப்புள்ளியை மெதுவான யூனிட்டின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கில், அதாவது 1.62 இல் நகர்த்துங்கள். யூனிட்டுகளுக்கோ தங்கள் நிற்குமிடத்தைப் பிடிக்கத் தத்தம் உச்ச வேகத்தையும் பயன்படுத்த அனுமதியுங்கள். பயணம் ஏறத்தாழ 56 விநாடி எடுக்கும். ஆறு விநாடி கூடினாலும் அணி குலையாமல் போய்ச் சேரும். எவராவது தம் இடத்திலிருந்து 4 மீற்றருக்கு மேல் பின்தங்கினால் நடுப்புள்ளி சற்று நின்று காத்திருக்கட்டும். ஆனால் மாட்டிக்கொண்ட ஒருவருக்காக முழு அணியும் கட்டின் நடுவே நின்றுவிடாமலிருக்க, அந்தக் காத்திருப்புக்கும் சில விநாடி எல்லை வேண்டும். எல்லை கடந்தால் அவர் குழுவிலிருந்து விலக்கப்பட்டுத் தனியே வழிதேடி வரட்டும்.

இலக்கை அடைந்த பின்னும் சிலர் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறார்களே?

சென்றடைந்ததாகக் கொள்ளும் தூரம் மிகச் சிறியதாக இருக்கிறது. 0.3 மீற்றருக்குள் வந்தால் போதும் என்று வையுங்கள். அதோடு, ஒரு விநாடியாக இடம் மாறாமல் இருப்பவரின் பக்கத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஒருவர் நின்றால், அவரும் சேர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் சேர்ந்து வலையமைப்பில் விளையாடும்போது தேர்வுப் பெட்டியையும் அனுப்பவேண்டுமா?

வேண்டாம். பெட்டி ஒவ்வொருவரின் திரையையும் கமராவையும் சார்ந்தது. மற்றக் கணினியில் அதே பெட்டி வேறு ஆட்களைப் பிடிக்கும். அனுப்பவேண்டியது யூனிட் எண்களின் பட்டியலும், கட்டளையும், இலக்குப் புள்ளியும்தான். ஒவ்வொரு கணினியும் நிற்குமிடங்களைத் தானே கணிக்கும் முறையில், இருவர் சம தூரத்தில் நிற்கும்போது யார் முதலில் என்பதை யூனிட் எண்ணைக் கொண்டு தீர்க்கவேண்டும். கொடோவின் `sort_custom` சமமானவற்றின் பழைய ஒழுங்கைக் காப்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. இதைக் கவனிக்காவிட்டால் ஒரு கணினியில் இடப்பக்கம் நிற்கும் ஆள் மற்றதில் வலப்பக்கம் நிற்பார். அந்த வேறுபாடு உடனே கண்ணுக்குத் தெரியாது. சற்று நேரம் கழித்து ஒரு திரையில் யானை திரும்பிப் போக, மற்றத் திரையில் அது நெல்லை மேய்ந்துகொண்டிருக்கும்போதுதான் தெரியவரும். குறிப்பிட்ட இடைவெளியில் எல்லா யூனிட்டுகளின் இருப்பிடங்களிலிருந்தும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து இரு பக்கமும் ஒப்பிட்டால், பிளவு எந்தக் கட்டளைக்குப் பின் தொடங்கியது என்பதைப் பிடித்துவிடலாம்.